ஜோசியர் கடைசி ஸ்டாப்பில் இறங்க வேண்டியவர்

கொஞ்சம் நீளமான பதிவு. சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

நம் குடும்பக் குழுவிலும் சரி, பழைய மாணவர் குழுவிலும் சரி, யாராவது சொந்தமாக ஒரு ஜோக் எழுதிப் போட்டால் வருகிற பதில் இரண்டே வகைதான். ஒன்று, கண்ணில் நீர் தெறிக்கச் சிரிக்கிற பொம்மை நாலைந்து. மற்றொன்று, "மொக்கை". எங்கள் வயதுக்காரர்கள் இதையே "அறுவை" என்போம், நடுவில் "கடி" என்றார்கள். பொம்மை போட்டவர் உண்மையில் சிரித்திருக்கமாட்டார், அது எல்லோருக்கும் தெரியும். மொக்கை என்றவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அதைக் கேட்டவனுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. எந்த இடத்தில் மொக்கை? ஆரம்பமா, முடிவா, சொன்ன விதமா? பரீட்சைத் தாளில் ஒரு கணக்கின் மேல் பெரிதாகப் பெருக்கல் குறி போட்டுவிட்டு, எந்த வரியில் பிசகினான் என்று காட்டாமல் திருப்பிக் கொடுத்த மாதிரிதான்.

விஜய் டிவியின் 'கலக்கப் போவது யாரு' மாதிரி நிகழ்ச்சிகளைப் பார்த்துப் பார்த்து நமக்கும் நடுவர் நாற்காலி ஆசை வந்துவிட்டது. அங்கே வருகிறவர்கள் போட்டிக்கென்று பெயர் கொடுத்து, ஒத்திகை பார்த்துவிட்டு வருகிறார்கள். மேடையில் தீர்ப்புச் சொல்வதில் தப்பில்லை. நம் நண்பன் போட்டிக்குப் பெயர் கொடுக்கவில்லை. நம்மைச் சிரிக்க வைக்கலாம் என்று நினைத்தான், அவ்வளவுதான்.

ஒரு ஜோக்கை எடுத்து வைத்துக்கொண்டே பேசுவோம். நம் ஊர் டீக்கடையில் என்னோடு காலையில் உட்காருகிற நண்பர் ஒருவர் உண்டு. அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் சொந்தமாகக் கட்டிய ஜோக் இது. அவர் சொன்னபடியே தருகிறேன்:

"போன வாரம் நம்ம ஊருக்கு ஒரு கைரேகை ஜோசியர் வந்தாரு. ஒரு தாத்தா அவர்கிட்ட அம்பது ரூபா குடுத்துக் கை பார்த்தாரு. ஆயுள் ரேகை, தன ரேகை எல்லாம் நல்லா இருக்குன்னு சொன்னாரு. இந்த வாரம் அதே தாத்தா ரேஷன் கடைக்குப் போறாரு. அன்னிக்கு பாமாயில் வந்திருக்கு, பருப்பு வரல. கியூன்னா கியூ, அப்படி ஒரு கியூ. மெஷின்ல விரல் வச்சா ரேகை விழல. கடைக்காரர் 'ரேகையே இல்ல தாத்தா'ங்கறாரு. அதுக்குத் தாத்தா, 'ஜோசியருக்கு மட்டும் எல்லா ரேகையும் தெரிஞ்சுதே'ன்னு கேட்டாராம். அதாவது, ஜோசியருக்குத் தெரிஞ்ச ரேகை மெஷினுக்குத் தெரியல. புரியுதா?"

யாரும் சிரிக்கவில்லை. பக்கத்து பெஞ்சில் செல்போன் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பையன் தலையைத் தூக்காமலே "பெருசு, செம மொக்கை" என்றான். நண்பரும் சிரித்தபடியே டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். அதற்கப்புறம் பதினைந்து நாள் கடைக்கு வந்தார், பேப்பர் படித்தார், போனார். ஒரு ஜோக் கிடையாது. முப்பது வருஷம் பஸ் நிறைய ஜனங்களைப் பேசியே சமாளித்த மனிதர்.

இத்தனைக்கும் அந்த ஜோக்கின் விதை நல்ல விதை. வயதானவர்களுக்கும், காலமெல்லாம் மண்வெட்டியும் களைக்கொத்தும் பிடித்தவர்களுக்கும் விரல் ரேகை தேய்ந்துபோய் மெஷினில் விழாது. ரேஷன் கடை வாசலில் நாம் தினம் பார்க்கிற சங்கடம். அதையும் கைரேகை ஜோசியத்தையும் ஒரே 'ரேகை' என்ற சொல்லில் முடிச்சுப் போட்டிருக்கிறார். சிரிப்புக்கு ஆளாவது மெஷினும் ஜோசியரும்தான். தாத்தா ஜெயிக்கிறார். இதைக் குப்பை என்று ஒதுக்கினால் எனக்குக் கோபம் வரும்.

பிசகு எங்கே? ஜோசியர் முதல் வரியிலேயே வந்துவிட்டார். ரேகை என்ற சொல்லும் அப்போதே காதில் விழுந்துவிட்டது. மெஷினில் விரல் வைத்தவுடனே கேட்பவனுக்கு முடிவு தெரிந்துவிடுகிறது. அதற்கப்புறம் பாமாயில், பருப்பு, கியூ என்று வருவதெல்லாம் அவனைக் காக்க வைக்கிறதே தவிர ஏமாற்றவில்லை. ஜோக் என்பது கேட்பவனை ஒரு பக்கம் பார்க்க வைத்துவிட்டு மறுபக்கத்திலிருந்து தட்டுவது.

இரண்டாவது பிசகு நம் பேச்சுத் தமிழோடு சம்பந்தப்பட்டது. நாம் ஒருவர் சொன்னதை முதலில் சொல்லி, "ன்னு கேட்டாராம்" என்பதைக் கடைசியில் வைக்கிறோம். சாதாரணப் பேச்சுக்கு அது சரி. ஜோக்கில், வெடிக்க வேண்டிய சொல்லுக்குப் பின்னால் அந்த 'ன்னு கேட்டாராம்' ஈரச் சாக்கு மாதிரி விழுந்து அமுக்கிவிடும். பத்திரிகைகளில் வருகிற துணுக்குகளைப் பாருங்கள். ஆனந்த விகடன் ஜோக்குகளில் பெரும்பாலும் இரண்டு பேர் பேசுவார்கள். கடைசி ஆள் பேசி முடித்ததோடு ஜோக்கும் முடியும். 'என்றான்' என்று ஒரு வால் இருக்காது. நேரில் சொல்கிறவர் "அதுக்குத் தாத்தா சொன்னாரு" என்று முன்னாலேயே வைத்துக்கொண்டால் போதும், வால் தானாக விழுந்துவிடும். மூன்றாவதாக அந்த "அதாவது... புரியுதா?" இருக்கிறதே, அது சிரிப்பு வரவில்லையே என்ற பயத்தில் வருவது. முன்னால் இருக்கிற இரண்டும் சரியானால் அதுவே போய்விடும்.

இந்த மூன்றையும் நான் அவரிடம் ஒரே மூச்சில் சொல்லவில்லை. வாத்தியார் புத்திக்கு அதுதான் கஷ்டம். சிவப்பு மை கையில் இருந்தால் பக்கம் முழுக்க வட்டம் போடச் சொல்லும். மூன்று பிசகை ஒன்றாகக் கேட்டவன் மூன்றையும் திருத்தமாட்டான், எடுத்த காரியத்தை விட்டுவிடுவான்.

கடையில் நாலு பேர் முன்னால் சொல்வதும் ஆகாது. ஆறுதல் வார்த்தையாக இருந்தாலும் அங்கே அது அவரைக் கூனிக் குறுக வைக்கும். ஒருநாள் சாயங்காலம் ஏரிக்கரைப் பக்கம் நடந்து போகும்போது நானே எடுத்தேன். "அந்த ரேஷன் கடைத் தாத்தா ரெண்டு நாளா என் மனசுலயே நிக்கறாருங்க" என்றேன். உண்மைதான், நின்றார். "அந்தத் தாத்தா கேட்ட கேள்வி எனக்குப் பிடிச்சிருந்துது. ஆனா அது வர்றதுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ஜோசியரை நீங்க முதல் ஸ்டாப்லயே இறக்கி விட்டுட்டீங்க. அவரு கடைசி ஸ்டாப்புல இறங்க வேண்டிய ஆளு."

சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தார். "அப்ப ரேஷன் கடையிலயே ஆரம்பிக்கணும்ங்கிறீங்களா வாத்தியாரே?" என்றார். நான் திருத்தி எழுதிக் கொடுக்கவில்லை. "சொல்லிப் பாருங்களேன்" என்றேன். கரையிலேயே நின்று சொன்னார்:

"ரேஷன் கடை. தாத்தா மெஷின்ல விரல் வைக்கிறாரு, விழல. மறுபடி வைக்கிறாரு, விழல. 'தாத்தா, உங்க கையில ரேகையே இல்ல'ங்கறான் கடைக்காரன். தாத்தா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டுச் சொன்னாரு: 'போன வாரம் அம்பது ரூபா வாங்கிட்டு அத்தனை ரேகையும் பார்த்தானேப்பா ஜோசியன்!'"

கவனியுங்கள். ஜோசியரைக் கடைசிக்குக் கொண்டு போகச் சொன்னேன், அவ்வளவுதான். பாமாயில் தானாகப் போனது, வால் போனது, 'புரியுதா'வும் போனது. ஜோசியன் என்ற சொல்லைக் கடைசிச் சொல்லாகவே வைத்தது அவர் சொந்தப் புத்தி, எனக்குத் தோன்றியிருக்காது. எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தேன். முதல் தடவை கடையிலேயே நான் மரியாதைக்குச் சிரித்திருந்தால் இந்த இரண்டாவது வடிவம் பிறந்திருக்காது. பழைய வடிவத்தையே ஏதாவது கல்யாண வீட்டில் சொல்லி, இதைவிடப் பெரிய மௌனத்தைச் சந்தித்திருப்பார்.

சொல்கிறவருக்கு நம் வாயைவிட முன்னால் நம் முகம் பதில் சொல்லிவிடும். 1964இல் ஸ்ரீதர் எடுத்த 'காதலிக்க நேரமில்லை' படத்தில் நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க் கதை சொல்லும் காட்சியை இன்றைக்கும் யூடியூபில் பார்க்கிறீர்கள் அல்லவா? அடுத்த முறை நாகேஷை விட்டுவிட்டுப் பாலையாவை மட்டும் பாருங்கள். ஒவ்வொரு சத்தத்துக்கும் அந்த முகம் எப்படி மாறுகிறது! அந்த முகம் இல்லாவிட்டால் அந்தக் கதை என்னவாகியிருக்கும்? டீக்கடைப் பையன் "மொக்கை" என்றதைவிட, கடைசி வரி வரும்போது போனைத் தடவிக்கொண்டிருந்ததுதான் பெரிய அடி என்பேன். கதையைக் கேட்காமலே தீர்ப்புச் சொன்னான்.

ஒன்றை மட்டும் வேறு மாதிரி நடத்த வேண்டும். கல்வராயன் மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த உங்கள் வகுப்புத் தோழர்களின் பேச்சை வைத்தும், நிறத்தை வைத்தும் சிலர் ஜோக் சொன்னது உங்களுக்கே நினைவிருக்கும். அங்கே எந்தச் சொல்லை எங்கே வைப்பது என்று யோசனை சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது. கூர்மையாக்கினால் இன்னும் ஆழமாக வெட்டும். "அவன் பக்கத்துல உட்கார்ந்திருந்தா இதைச் சொல்லுவியா?" என்று நேராகக் கேட்டுவிடலாம். அப்போதும் அந்த ஒரு ஜோக்கைப் பற்றித்தான் பேச்சு. "உனக்கு ஜோக்கே வராது" என்பது வேறு பேச்சு, அதற்கு அங்கே வேலை இல்லை.

நண்பர் புது வடிவத்தை அடுத்த வாரம் கடையில் சொன்னார். மூன்று பேர் சிரித்தார்கள், ஒருவர் சிரிக்கவில்லை. அவருக்கு ஜோசியத்தில் நம்பிக்கை அதிகம், விட்டுவிடுவோம். அதற்கு இரண்டு நாள் கழித்து டீ மாஸ்டர் யாரோ ஒரு லாரி டிரைவரிடம் அதே ஜோக்கைச் சொல்லிக்கொண்டிருந்தார். ரேஷன் கடை பேங்க் ஆகியிருந்தது. நண்பர் என் பக்கம் சாய்ந்து, "கேட்டீங்களா வாத்தியாரே, ஜோசியனை முன்னாடியே கொண்டாந்துட்டான். போய்ச் சொல்லட்டுமா?" என்றார்.

"டிரைவர் போகட்டுங்க" என்றேன்.