'ரொம்ப ரொம்பச் சின்ன dt' என்று ஒன்று கிடையாது

கிளாஸ்ல யாரையாவது எழுப்பி "உடனடி வேகம்னா என்ன?" என்று கேளுங்கள். "ds/dt சார்" என்று டக்கென்று பதில் வரும். "சரி, dt-ன்னா?" "ரொம்ப ரொம்பச் சின்ன நேரம் சார்." சார் தலையாட்டுவார், பையன் உட்கார்ந்துவிடுவான்.

என் கட்சி இதுதான்: அந்த இரண்டாவது பதில் தப்பு. பரீட்சையில் மார்க் போகாது, அதனால் நாமும் கண்டுகொள்வதில்லை. ஆனால் ப்ராஜெக்ட்டில் ஒரு மோட்டாரின் வேகத்தை அளக்கப் போகும்போது அதே பதில் நம்மைக் கவிழ்க்கும். எப்படி என்று சொல்கிறேன்.

உயரமான தண்ணீர்த் தொட்டி மேலிருந்து ஒரு பந்தை விடுகிறீர்கள். காற்றுத் தடையை மறந்துவிடுவோம். t செகண்டில் அது விழுந்த தூரம் s = 4.9t² மீட்டர். சரியாக 1 செகண்ட் முடியும் அந்தக் கணத்தில் அதன் வேகம் என்ன? "2 போட்டுப் பெருக்கு, 9.8" என்று ஃபார்முலாவுக்கு ஓட வேண்டாம். வேகம் என்றால் தூரத்தை நேரத்தால் வகுப்பது. ஒரு கணத்தில் நகர்ந்த தூரம் பூஜ்யம், ஆன நேரமும் பூஜ்யம். 0/0 வைத்துக்கொண்டு என்ன செய்வது? நம்மால் நேர்மையாகக் கணக்கிட முடிந்தது சராசரி வேகம் மட்டும்தான். அதையே கணக்கிடுவோம்.

1 செகண்டிலிருந்து 2 செகண்ட் வரை சராசரி 14.7 மீ/செ. 1-லிருந்து 1.1 வரை 10.29. 1.01 வரை 9.849. 1.001 வரை 9.8049. இனி பின்பக்கமும் பாருங்கள், இதைப் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை. 0.9-லிருந்து 1 வரை 9.31. 0.99-லிருந்து 9.751. 0.999-லிருந்து 9.7951. ஒரு பக்கம் மேலிருந்து இறங்குகிறது, இன்னொரு பக்கம் கீழிருந்து ஏறுகிறது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு தப்பிக்க முடியாமல் நிற்கும் எண் 9.8.

இது தற்செயல் இல்லை. இடைவெளியை h என்று வைத்துக் கணக்குப் போட்டால் சராசரி வேகம் 9.8 + 4.9h என்று வரும். இதில் கவனிக்க வேண்டியது, h பூஜ்யமாக இல்லாதபோதுதான் அதால் வகுத்தோம். வகுத்த பிறகு h-ஐ பூஜ்யம் ஆக்கவும் இல்லை. 'h சுருங்கச் சுருங்க இந்தச் சராசரி எந்த எண்ணை நெருங்குகிறது?' என்று மட்டும் கேட்டோம். "0.001-க்குள் நெருங்குமா?" என்று நீங்கள் சவால் விட்டால், h-ஐ 0.0002-க்குக் கீழே வை என்று நான் சொல்வேன். இன்னும் சின்னதாகக் கேட்டால் இன்னும் சின்ன h தருவேன். எந்தச் சவாலுக்கும் என்னிடம் பதில் உண்டு. இதுதான் லிமிட். உடனடி வேகம் என்பது கடைசியாக வரும் ஒரு குட்டி இடைவெளியின் சராசரி அல்ல. அப்படிக் கடைசி இடைவெளியே கிடையாது. எல்லாச் சராசரிகளும் சேர்ந்து சுட்டிக்காட்டும் எண் அது.

இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் வந்ததில்லை. 1734-ல் அயர்லாந்துக்காரரான ஜார்ஜ் பார்க்லி 'தி அனலிஸ்ட்' என்ற நூலில் நியூட்டன் வழிக் கணக்கை இதே இடத்தில்தான் பிடித்தார். வகுக்கும்போது பூஜ்யம் இல்லை என்கிறீர்கள், வகுத்து முடித்ததும் பூஜ்யம் என்கிறீர்கள், எது உண்மை என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதானே? 1821-ல் கோஷி லிமிட்டை அடித்தளமாக வைத்துப் பாடம் எழுதியபோதுதான் அதற்குத் தெளிவான பதில் உருவாகத் தொடங்கியது. அத்தனை வருஷம் ஆன விஷயத்தை நாம் 'ரொம்பச் சின்ன' என்ற இரண்டு வார்த்தையில் முடிக்கிறோம்.

"சரி, ரொம்பச் சின்ன h போட்டா அதே விடைதானே வரும், என்ன பெரிய வித்தியாசம்?" என்று கேட்பீர்கள். இதை ஓட்டிப் பாருங்கள்:

```python
def s(t):
    return 4.9 * t * t

for h in [1, 0.1, 0.001, 1e-16]:
    print(h, (s(1 + h) - s(1)) / h)
```

முதல் மூன்றும் நாம் பார்த்த எண்கள்தான், கடைசி இலக்கங்களில் மட்டும் சின்னச் சிதறல் இருக்கலாம். கடைசி வரியில் வேகம் 0.0. விழுந்துகொண்டிருக்கும் பந்து அந்தரத்தில் நின்றுவிட்டது! காரணம் எளிது. கம்ப்யூட்டர் ஓர் எண்ணை ஏறக்குறைய 16 இலக்கம் வரைதான் வைத்துக்கொள்ளும். 1-உடன் 1e-16 கூட்டினால் மறுபடியும் 1 தான். தூர வித்தியாசம் காணாமல் போகிறது. 'ரொம்ப ரொம்பச் சின்ன dt' தந்த பரிசு இது.

லேபில் இது இன்னும் சீக்கிரமே நடக்கும். ரோபோ கிட்டில் 20 துளை உள்ள என்கோடர் தட்டு வருமே, அதை எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டார் 150 rpm-ல் சுற்றினால் செகண்டுக்கு 50 பல்ஸ். 1 செகண்ட் எண்ணினால் ஒரு பல்ஸ் கூடக் குறைய வந்தாலும் பிழை 2 சதவீதம்தான். 0.1 செகண்ட் எண்ணினால் 5 பல்ஸ், ஒன்று பிசகினால் 30 rpm போச்சு. 0.01 செகண்டில் ஒன்று பல்ஸே வராது, இல்லை ஒன்று வரும். திரையில் 0, 300, 0, 300 என்று குதிக்கும். மோட்டார் பாவம், ஒரே சீராகச் சுற்றிக்கொண்டிருக்கும். நாம் வயரை ஆட்டிப் பார்ப்போம், சென்சாரைக் குறை சொல்வோம்.

பல்ஸை எண்ணாமல் இரண்டு பல்ஸுக்கு நடுவே உள்ள நேரத்தை micros() வைத்து அளந்தால் நிலைமை நிறையவே தேறும். ஆனால் அதுவும் சராசரிதான், 20 மில்லிசெகண்ட் சராசரி. அந்த நேரத்துக்குள் மோட்டார் உதறினால் உங்களுக்குத் தெரியாது. எந்தக் கருவியும் உடனடி வேகத்தை அளப்பதில்லை. ஏதோ ஒரு இடைவெளியின் சராசரியைத்தான் காட்டுகிறது.

அப்போ எந்த இடைவெளி சரி? பந்துக்குச் செய்த அதே வேலைதான். இடைவெளியைப் பாதியாக்கிக்கொண்டே போங்கள். எண்கள் ஒன்றை நோக்கி அடங்கும் வரை சுருக்குங்கள். நிலையான படிகளில் குதிக்க ஆரம்பித்தால், மோட்டார் பேசவில்லை, என்கோடர் பேசுகிறது. ஒரு படி திரும்பிப் போய் அங்கே நில்லுங்கள்.

அதனால் நம் ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன்: முதல் வகுப்பில் ஃபார்முலாவுக்கு முன்னால் அந்தச் சராசரி அட்டவணையை, இரண்டு பக்கமும், எங்கள் கையாலேயே போட வையுங்கள். உங்களிடமும் ஒன்று: அடுத்த ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் 'வேகம் 150 rpm' என்று எழுதும்போது, அது எத்தனை மில்லிசெகண்ட் சராசரி என்று பக்கத்திலேயே எழுதுங்கள். எழுத வரவில்லை என்றால், நாம் எதை அளந்தோம் என்றே நமக்குத் தெரியவில்லை என்று அர்த்தம்.