இரண்டா, பதின்மூன்றா?

ஆணுறையை ஒவ்வொரு முறையும் பிழையின்றிப் பயன்படுத்தும் 100 தம்பதியரில், ஓராண்டில் கருத்தரிப்பு நேர்வது ஏறத்தாழ 2 பேருக்கே. நடைமுறைப் பயன்பாட்டிலோ, அமெரிக்க மதிப்பீட்டின்படி, 13 பேருக்கு. ஆலோசனையின்போது இவ்விரண்டாம் எண்ணையும் மறைக்காமல் கூற வேண்டும் என்பதே என் கருத்து. முதல் எண்ணை மட்டும் அறிந்தவர்கள், தவறு நேர்ந்தால் தம்மையே நொந்துகொண்டு மௌனமாகிவிடுகின்றனர். செயல்பட வேண்டிய நேரமும் கடந்துவிடுகிறது.

வறட்சிக்காகத் தேங்காய் எண்ணெய் தடவும் ஒரு தம்பதியரை எண்ணிப் பாருங்கள். எண்ணெய் பட்ட லேட்டக்ஸ் உறை சில நிமிடங்களிலேயே வலுவிழக்கிறது, பின்பு கிழிகிறது. நீரை அடிப்படையாகக் கொண்ட வழுக்குக் களிம்பு இத்தீங்கைச் செய்யாது. உறவு முடிந்ததும் உறையின் அடிப்பகுதியைப் பிடித்தவாறு, தளர்வதற்கு முன்பே விலகினால் உறை நழுவாது.

கிழிந்தாலோ நழுவினாலோ, 72 மணி நேரத்திற்குள், இயன்றவரை விரைவாக, 1.5 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரல் மாத்திரையை உட்கொள்ளலாம். அல்லது ஐந்து நாள்களுக்குள் காப்பர்-டி பொருத்திக்கொள்ளலாம். தினசரி உட்கொள்ளும் கூட்டுக் கருத்தடை மாத்திரையில் ஒன்று மறந்தால், நினைவு வந்தவுடன் உட்கொண்டால் போதும். தொடர்ந்து இரண்டு தவறினால், மாத்திரையைத் தொடர்வதோடு ஏழு நாள்கள் ஆணுறையும் வேண்டும்.

மாதவிடாய் ஒரு வாரம் தள்ளினால், தயங்காமல் கருப்பரிசோதனைக்கு வாருங்கள்.