காட்டும் எண்ணும் கிட்டும் வேகமும்

"கைப்பேசியில் வைஃபை விவரத்தைத் திறந்து பாருங்கள், அங்கே Link speed என்று காட்டும் எண்தான் உங்களுக்குச் சேரவேண்டிய வேகம், அதில் குறைந்தது எல்லாம் களவு" என்னும் உபதேசம், ரவுட்டர் விற்கும் கடைகளிலும் காணொளிகளிலும் பல ஆண்டுகளாக, ஒரு முறையேனும் சோதித்துப் பார்க்கப்படாமல், ஓதப்பட்டு வருகிறது. அதை நம்பியவர்கள் நல்ல நிலையில் இருக்கும் ரவுட்டரைக் கழற்றி எறிந்துவிட்டு விலையுயர்ந்த மற்றொன்றை வாங்குவதையும், ஒரு குற்றமும் அறியாத லைன்மேனோடு வாசலில் நின்று சண்டையிடுவதையும் கண்டு மனம் கசந்ததனாலேயே இதை எழுதுகிறேன்.

அவர்கள் காட்டும் ஆதாரம் ஒன்றே: திரையில் 866 மெகாபிட், சோதனையில் 540, ஆகவே 326 திருடு போயிற்று.

முதலில், அந்த 866 யாரும் அளந்து கண்ட எண் அன்று. 80 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள அலைவரிசையில் தரவைச் சுமக்கும் துணை அலைகள் 234; ஒவ்வொன்றும் ஒரு துடிப்பில் எட்டு பிட் ஏந்தும்; ஆறில் ஒரு பங்கு பிழைதிருத்தத்துக்குப் போக, இரண்டு ஆன்டெனாத் தாரைகளுமாகச் சேர்ந்து ஒரு துடிப்புக்கு 3,120 பிட்டுகள்; துடிப்பின் காலம் 3.6 மைக்ரோ விநாடி. வகுத்தால் 866.7 வரும். ரேடியோ தரவை உமிழும் அந்த நொடித்துகளில் பிட்டுகள் எவ்வளவு விரைவாகப் புறப்படுகின்றன என்பதை மட்டுமே அது சொல்லும். ரேடியோ எவ்வளவு நேரம் உமிழ்கிறது என்பதைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

களவு என்று சொல்லப்படுவது முழுவதும் அந்த மௌன நேரத்தில்தான் அடங்கியிருக்கிறது. கம்பியில் போக்கும் வரவும் ஒரே சமயத்தில் நடக்கும். வைஃபையிலோ ரவுட்டரும் கைப்பேசியும், ஏன், அதே அலைவரிசையில் இருக்கும் அண்டை வீட்டுக் கருவிகளும் கூட, ஒருவர் பின் ஒருவராகவே பேச வேண்டும். பேசுமுன் ஆகாயம் அமைதியாய் இருக்கிறதா என்று 43 மைக்ரோ விநாடி கவனிக்க வேண்டும். பிறகு, இருவர் ஒருசேரப் புறப்பட்டு மோதிக்கொள்ளாதிருக்க, குலுக்கல் முறையில் சராசரியாக 67 மைக்ரோ விநாடி காத்திருக்க வேண்டும். பழைய கருவிகளுக்கும் புரியும்படி மெதுவான வேகத்தில் ஒரு முகவுரை, அதற்கு ஏறக்குறைய 40. முடிந்தபின் 16 இடைவெளி. வந்து சேர்ந்தது என்ற ஒப்புகைக்கு மேலும் 32 அளவில். ஆக, ஒரு முறை வாய் திறக்கச் சுமார் 200 மைக்ரோ விநாடி சடங்கிலேயே போய்விடுகிறது. இத்தனைக்கும் பிறகு அனுப்பப்படும் 1,500 பைட் கொண்ட ஒரு பொட்டலத்துக்கு 866 மெகாபிட் வேகத்தில் தேவைப்படுவது 14 மைக்ரோ விநாடிதான்! பொட்டலத்துக்கு ஒரு முறை இந்தச் சடங்கு முழுவதையும் செய்திருந்தால், திரையில் 866 என்று மின்னும்போதே கையில் கிடைப்பது 56 ஆகத்தான் இருந்திருக்கும்.

அதனால்தான் 64 பொட்டலங்கள் வரை ஒரே கட்டாகச் சேர்த்து அனுப்பும் முறை ஏற்பட்டது. அப்போது தரவுக்கு 900 மைக்ரோ விநாடிக்குச் சற்று மேலும் சடங்குக்கு 200-ம் ஆகி, கிடைப்பது சுமார் 690. இறக்கும் கோப்புக்குக் கைப்பேசி திருப்பி அனுப்பும் டிசிபி ஒப்புகைகளும் தம் முறைக்குக் காத்திருந்து இதே சடங்கைச் செய்தாக வேண்டும். பழுதான பொட்டலங்கள் மறுபடியும் போக வேண்டும். பக்கத்து அறையில் ஒரு பழைய கைப்பேசி 65 மெகாபிட்டில் பேசினால் அதன் நீண்ட முறை முடியும் வரை மற்றவை வாய் மூடியிருக்க வேண்டும். இவ்வளவையும் கழித்து 540 கிடைக்கிறதென்றால், அது களவு போனதன் எச்சம் அன்று. நன்றாக நடக்கும் ஒரு ரேடியோவின் நியாயமான விளைச்சல்.

"விலையுயர்ந்த ரவுட்டரில் முழு எண்ணும் வரும்" என்கிறார்கள். வராது, அங்கே காட்டும் எண்ணும் கூடும், இடைவெளியும் கூடவே வரும்.

இனி, அந்த எண் ரவுட்டரின் வாசலோடு நின்றுவிடுவது. நூறு மெகாபிட் திட்டத்துக்குப் பணம் கட்டியவருக்கு 866 காட்டினாலும் வருவது நூற்றை ஒட்டியே இருக்கும். குறை எந்தப் பாதியில் என்று அறிய விரும்புவோர் ரவுட்டரில் கம்பியால் இணைத்த கணினியில் முதல் வரியையும், கைப்பேசியில் இரண்டாம் வரியையும், முகவரியைத் தம் கணினிக்கேற்ப மாற்றி, இட்டுப் பார்க்கலாம்:

```
iperf3 -s
iperf3 -c 192.168.1.10 -R
```

இதில் 500-ஐ ஒட்டி வந்தால் வைஃபை நலமாக இருக்கிறது. ஏறத்தாழ 94-லேயே அசையாமல் நின்றால், கணினியின் கம்பியோ துளையோ நூறு மெகாபிட்டில் சிக்கியிருக்கிறது. ரேடியோவின்மேல் பழி இல்லை. வைஃபை நலமென்று தெரிந்து, கம்பியில் நேரே இணைத்த கணினியிலும் திட்டத்தின் வேகம் வராதபோது மட்டும் இணைய நிறுவனத்திடம் புகார் கொடுங்கள். Link speed எண்ணைச் சாட்சிக்கு அழைக்காதீர்கள்.