அரிசி நிரப்பும் 12 கிராம்

பள்ளி மதிய உணவில் புரதம் போதுமா என்ற கேள்விக்கு அரசு தரும் விடை இரண்டு எண்களில் முடிந்துவிடுகிறது. பி.எம். போஷன் திட்டத்தின்படி, ஐந்தாம் வகுப்பு வரை ஒரு பிள்ளைக்கு 12 கிராம். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 20 கிராம். உடும்பஞ்சோலையின் ஏலத்தோட்டப் பிள்ளைகளைப் பொறுத்தவரை இந்த விடை இரண்டு இடங்களில் தவறுகிறது. ஒன்று, அந்த 12 கிராம் எதிலிருந்து வருகிறது என்பதை அது மறைக்கிறது. மற்றொன்று, தேவை உச்சத்தை நெருங்கும் வயதில் அது ஒன்பதாம் வகுப்பு வாசலோடு நின்றுவிடுகிறது.

முதலில் தேவையை வரையறுப்போம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் பரிந்துரைத்த நாளொன்றுக்கான புரத அளவுகள், முழு எண்ணாக்கி:

4–6 வயது: 16 கிராம்
7–9 வயது: 23 கிராம்
10–12 வயது: சிறுவர் 32, சிறுமியர் 33 கிராம்
13–15 வயது: சிறுவர் 45, சிறுமியர் 43 கிராம்
16–18 வயது: சிறுவர் 55, சிறுமியர் 46 கிராம்

2010ஆம் ஆண்டுப் பட்டியலில் 7–9 வயதுக்கு 29.5 கிராம் என்றிருந்தது. பழைய எண்ணைக் காட்டிப் பெற்றோரை அச்சுறுத்திப் பொடி விற்போர்க்கு இந்தத் திருத்தம் உவப்பானதன்று. மேலும், இவை ஏறத்தாழ எல்லாப் பிள்ளைகளின் தேவையையும் உள்ளடக்கும் வகையில் சற்றுக் கூட்டி வைக்கப்பட்ட அளவுகள். எனவே ஒரு நாள் இரண்டு கிராம் குறைந்தால் பிள்ளைக்குக் குறைபாடு வந்துவிட்டது என்று பொருளாகாது. ஆனால் இந்த எண்கள் தரமான புரதத்தைக் கருதியவை என்பதை மறக்கலாகாது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

தொடக்கநிலைப் பிள்ளைக்கு ஒதுக்கப்படுவது 100 கிராம் அரிசி, 20 கிராம் பருப்பு. அரிசியில் ஏறத்தாழ 8 கிராம் புரதம். துவரம்பருப்பில் 4 கிராமுக்குச் சற்று மேல். கூட்டினால் 12. ஆக, கணக்கில் மூன்றில் இரு பங்கை நிரப்புவது அரிசி. அரிசிப் புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு: கிராமுக்கு 37 மில்லிகிராம் அளவே. வளரும் பிள்ளையின் உணவுப் புரதத்தில் அது கிராமுக்கு 48 மில்லிகிராம் வேண்டும். பருப்பில் 65 மில்லிகிராம் அளவுக்கு இருப்பதால், ஒதுக்கிய 20 கிராமும் முழுதாகச் சேர்ந்தால் கலவை அந்த வரம்பை ஒட்டி நிற்கிறது. பருப்பு பாதியானால் மொத்தப் புரதம் 12இலிருந்து 10 ஆகிறது. லைசினும் 43க்கு இறங்குகிறது. அளவும் தரமும் ஒருசேரக் குறைகின்றன. பிள்ளையின் வயிறோ நிறைந்தே இருக்கிறது.

பருப்பு ஏன் குறைகிறது என்பதும் மறைபொருளன்று. அரிசி இலவசமாக வருகிறது. பருப்பு, காய்கறி, எண்ணெய், மசாலா, எரிபொருள் அனைத்தையும் ஈடுகட்ட 2025 மே முதல் தொடக்கநிலையில் ஒரு பிள்ளைக்கு ரூ. 6.78, உயர் தொடக்கநிலையில் ரூ. 10.17 நிர்ணயிக்கப்பட்டுள்ளது. மலைக்கு ஏறிவரும் காய்கறி விலை உயரும் வாரத்தில் சாம்பார் நீர்க்கத்தான் செய்யும். இதைக் கண்டறிய ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. நூறு தொடக்கநிலைப் பிள்ளைகள் உண்ணும் நாளில் 2 கிலோவும், நூறு உயர் தொடக்கநிலைப் பிள்ளைகளுக்கு 3 கிலோவும் பருப்பு உலையில் விழ வேண்டும். பெற்றோர் சங்கம் உணவின் சுவையைப் பார்ப்பதோடு நின்றுவிடாமல், பருப்பு வேகுமுன் அதன் எடையையும் பார்க்க வேண்டும்.

இரண்டாவது தவறு இதனினும் கடியது. சாந்தன்பாறையிலோ பூப்பாறையிலோ ஓர் ஏலத்தோட்டத் தமிழ்க் குடும்பத்தில் எட்டு, பதினொன்று, பதினான்கு வயதில் மூன்று பெண்பிள்ளைகள் என்று கொள்வோம். தேவை முறையே 23, 33, 43 கிராம். இளையவர் இருவருக்கும் பள்ளியில் சோறு உண்டு. கேரளம் வாரம் ஒரு முட்டையும் இருமுறை 150 மில்லி பாலும் கூடுதலாகத் தருகிறது. மூவரில் அதிகம் தேவைப்படும் மூத்தவள் ஒன்பதாம் வகுப்பில் இருப்பதால் திட்டத்துக்கு வெளியே நிற்கிறாள். போடிமெட்டுக்குக் கீழே தேனி மாவட்டத்தில் சத்துணவு பத்தாம் வகுப்பு வரை உண்டு. பள்ளி நாள்தோறும் முட்டையும் உண்டு. ஒரே தோட்டத்தில் காய் பறிக்கும் இரு தாய்மாரில் ஒருத்தி தோட்டக் குடியிருப்பில் வசிக்கிறாள்; மற்றவள் விடியலில் ஜீப்பில் ஏறி வருகிறாள். அந்த ஒரு வேறுபாட்டால் அவர்களுடைய பதினான்கு வயது மகள்களின் நண்பகல் உணவு வேறுபடுகிறது. இதற்கு உடலியல் சார்ந்த காரணம் எதுவுமில்லை. எல்லைக்கோடு மட்டுமே காரணம்.

மூத்தவளின் டப்பாவில் பெரும்பாலும் என்ன இருக்கும்? எலுமிச்சைச் சோறும் உருளைக்கிழங்கும், அல்லது அவித்த கப்பையும் மிளகாய்ச் சம்மந்தியும். 150 கிராம் அரிசிச் சோறு 12 கிராம் புரதம் தருவதாகக் கணக்குக் காட்டும். லைசின் குறைவால் வளர்ச்சிக்குப் பயன்படுவது 9 கிராம் அளவே. கப்பையின் நிலை இன்னும் மோசம்: 100 கிராமில் ஏறத்தாழ ஒரு கிராம் புரதம்தான். காலையில் கட்டன்சாயாவும் பன்னும் மட்டுமே உண்ட பிள்ளைக்கு நண்பகல் உணவு நாளின் மூன்றிலொரு பங்கைத் தந்தால் போதாது. பாதியைத் தர வேண்டும். அந்தப் பாதியை எட்டும் டப்பாக்கள் கீழே. எடைகளில் அரிசியும் பயறும் சமைக்குமுன் உள்ளவை.

எட்டு வயது: 75 கிராம் அரிசிச் சோறு, 25 கிராம் துவரம்பருப்பில் கெட்டியான கீரைக்கூட்டு. 11 கிராமுக்குச் சற்று மேல்.

பதினொரு வயது: 100 கிராம் அரிசிச் சோறு, 25 கிராம் கொண்டைக்கடலைச் சுண்டல், 100 கிராம் தயிர், ஒரு காய்ப் பொரியல். ஏறத்தாழ 16 கிராம்.

பதினான்கு வயது: 120 கிராம் அரிசிச் சோறு, 30 கிராம் பாசிப்பயறுச் சுண்டல், ஒரு முட்டை. ஏறத்தாழ 22 கிராம். முட்டை இல்லாத நாளில் 10 கிராம் நெத்திலிக் கருவாட்டை உப்புப் போக அலசி வறுத்தால் 5 கிராம் அளவுக்கு ஈடாகும்.

கப்பை நாளில், பதினான்கு வயது: 250 கிராம் கப்பையோடு 25 கிராம் தட்டைப்பயறும் 50 கிராம் மத்தி மீனும். 17 கிராம் அளவு வரும். ஒரு கைப்பிடி வேர்க்கடலை சேர்ந்தால் 22ஐ எட்டும்.

இவற்றில் அரிசியைக் குறைத்துப் பயறைக் கூட்டும்போது ஓர் எல்லையை மீறக்கூடாது. மொத்த உணவே பற்றாவிட்டால் உடல் புரதத்தையும் எரித்துச் சக்தியாக்கிக்கொள்ளும்; அப்போது சுண்டலும் வளர்ச்சிக்குப் போகாது. அரிசி மூன்று பங்குக்குப் பயறு ஒரு பங்கு என்பது கைக்கொள்ளத்தக்க அளவு.

தோட்டப் பிள்ளைகளின் உயரக்குறைவுக்குப் புரதம் ஒன்றே காரணம் என்று எவரும் சொல்ல இயலாது. குடற்புழுவும் அடிக்கடி வரும் வயிற்றுப்போக்கும் அதில் பங்குகொள்கின்றன. ஆனால் அந்த உண்மையைக் காட்டி ஒன்பதாம் வகுப்பின் வெற்றுத் தட்டை நியாயப்படுத்த முடியாது. கேட்க வேண்டியவை இரண்டே: தொடக்கநிலையில் பருப்பு 20 கிராமுக்குக் குறையாதிருக்கக் காய்கறி, எரிபொருள் செலவிலிருந்து பிரித்த தனி ஒதுக்கீடு, பத்தாம் வகுப்பு வரை உணவு, அதில் நாளுக்கொரு முட்டை. தேனியில் நடைமுறையில் இருப்பது உடும்பஞ்சோலையில் ஏன் இயலாது என்பதற்கான விடையை, மறுப்பவர்களே சொல்லட்டும்.