'பாதி' என்ற விடைக்கு இரண்டு பொருள்

பிறந்து ஐந்து நாளான ஆண் குழந்தை. கவிழ்த்துப் பிடித்தால் நனைந்த துணியைப் போல இருபுறமும் தொங்குகிறது. பாலை இழுத்துக் குடிக்கத் தெரியவில்லை. மூக்குக் குழாய் வழியாகத்தான் ஊட்ட வேண்டியிருக்கிறது. விரைகள் இறங்கவில்லை. "அழக்கூட மாட்டேங்குது டாக்டர்" என்கிறார் பாட்டி. கேஸ் ஷீட்டில் இன்னொரு வரி: அப்பா, அம்மாவின் தாய்மாமன்.

புதுச்சேரியில் வேலை பார்க்கும் நமக்கு இந்த வரி புதிதல்ல. விழுப்புரம், கடலூர்ப் பக்கத்திலிருந்து வரும் குழந்தைகளிடமும் இதைப் பார்க்கிறோம். சொந்தத்தில் கல்யாணம் என்று படித்ததுமே கை தானாக ஒடுங்கு மரபு நோய்களின் பட்டியலைத் தேடுகிறது. முதுகுத்தண்டு தசைச் சிதைவுக்கான சோதனை அனுப்புகிறோம். நார்மல் என்று வருகிறது. அடுத்தது எக்ஸோம். அதிலும் ஒன்றும் இல்லை. குடும்பத்திடம் "ஜீன் டெஸ்ட் எல்லாம் சரியாக இருக்கிறது" என்று சொல்லி அனுப்புகிறோம். மூன்று நான்கு வயதில் அதே குழந்தை தீராப் பசியோடு, சமையலறைக் கதவைப் பூட்டிவைக்கும் வீட்டிலிருந்து திரும்பி வருகிறது. பிராடர்-வில்லி. இதற்குள் வளர்ச்சி ஹார்மோன் தொடங்கியிருக்க வேண்டிய ஆண்டுகள் போய்விட்டன.

எக்ஸோம் பொய் சொல்லவில்லை. அது எழுத்துகளைப் படிக்கும் சோதனை. இந்த நோயில் பல சமயம் எழுத்துகள் அப்படியே இருக்கும். 15ஆம் குரோமோசோமில் சென்ட்ரோமியரை ஒட்டிய ஒரு பகுதியில், அம்மாவிடமிருந்து வந்த பிரதியில் சில மரபணுக்கள் மெத்தில் குழுக்களால் அடைக்கப்பட்டிருக்கும். அப்பாவின் பிரதிதான் வேலை செய்யும். நம் எல்லோருக்கும் அப்படித்தான். அப்பாவின் பகுதி அறுந்துபோனாலோ, இரண்டு பிரதிகளுமே அம்மாவிடமிருந்து வந்துவிட்டாலோ, பேசுவதற்கு ஆள் இல்லை. பிராடர், லாப்ஹார்ட், வில்லி மூவரும் 1956இல் விவரித்த நோய்க்கு இந்த இரண்டாவது வழியும் உண்டு என்று தெரிய 1989 வரை ஆயிற்று.

பயிற்சி மருத்துவர்களிடம் இதை விளக்கும்போது ஒரு பதில் தவறாமல் வரும்: "ஓ, லயனைசேஷன் மாதிரி." மாதிரி இல்லை. நம் குழப்பம் தொடங்கும் இடமே அதுதான். மேரி லயன் 1961இல் சொன்னது, பெண் கருவின் ஒவ்வொரு செல்லும் தன் இரண்டு எக்ஸ்களில் ஒன்றைத் தற்செயலாக மூடுகிறது என்பது. ஒரு செல் அப்பாவின் எக்ஸை மூடும், பக்கத்துச் செல் அம்மாவுடையதை மூடும். எடுத்த முடிவை அதன் வாரிசுச் செல்கள் மாற்றுவதில்லை. ஆகவே பெண்ணின் உடல் ஒரு கதம்பம். இம்ப்ரின்டிங்கில் செல்லுக்குத் தேர்வே கிடையாது. முத்திரை கரு உருவாகும் முன்பே, பெற்றோரின் முட்டையிலும் விந்திலும் குத்தப்பட்டுவிடுகிறது. அடுத்த தலைமுறையின் இனச்செல்களில் பழைய முத்திரை அழிந்து, அவரவர் பாலுக்கு ஏற்ற புது முத்திரை விழும்.

தெருவாக நினைத்துப் பாருங்கள். வீட்டுக்கு இரண்டு விளக்கு, ஒன்றுதான் எரியும். ஒரு தெருவில் எல்லா வீட்டிலும் மாடி விளக்கே எரிகிறது. இன்னொன்றில் பாதி வீடுகளில் மாடி, மீதியில் கீழ்த்தளம். தூரத்திலிருந்து எண்ணினால் இரண்டு தெருவிலும் பாதி விளக்குகள் அணைந்திருக்கின்றன என்ற ஒரே கணக்குதான் வரும். ரத்தத்திலிருந்து எடுத்த டி.என்.ஏ.வில் நாம் செய்வது இந்தத் தூரத்துக் கணக்கு. ஆரோக்கியமான பெண்ணின் ஆண்ட்ரோஜன் ஏற்பி மரபணுவிலும் பாதி மெத்திலேஷன், பிராடர்-வில்லி பகுதியிலும் பாதி மெத்திலேஷன். முதலாவது பல லட்சம் செல்களின் சராசரி. இரண்டாவது ஒவ்வொரு செல்லுக்குள்ளும் உண்மையாக இருக்கும் பாதி.

இந்த வேறுபாடு சோதனை மேசையில் உடனே தெரியும். டுஷேன் நோயைத் தாங்கும் ஒரு பெண்ணுக்குத் தசை பலவீனம் இருந்து, ரத்தத்தில் எக்ஸ் மூடல் ஐம்பதுக்கு ஐம்பது என்று வந்தால், அதை வைத்துத் தசையைப் பற்றி எதையும் உறுதியாகச் சொல்லிவிட முடியாது. கதம்பத்தின் கலவை திசுவுக்குத் திசு மாறும். பிராடர்-வில்லிக்கு அந்தக் கவலை பெரும்பாலும் இல்லை. இரண்டு மில்லி ரத்தம் போதும், அரிதான மொசைக் நோயாளிகளைத் தவிர.

இரண்டுக்கும் இடையிலான எல்லை முழுக்க அறுதியானதும் அல்ல. கங்காருவில் எப்போதும் அப்பாவின் எக்ஸே மூடப்படுகிறது. ஆண் மாவுப்பூச்சியில் அப்பா தந்த குரோமோசோம் தொகுதி முழுவதுமே அடங்கிப்போகும். நம் பக்கத்துப் பப்பாளித் தோட்டங்களை வெள்ளையாக மூடிய பூச்சியின் உறவுதான் இது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் சரத் சந்திரா, ஸ்பென்சர் பிரவுனோடு சேர்ந்து, மாவுப்பூச்சியின் முத்திரையையும் பாலூட்டிகளின் எக்ஸையும் ஒரே கேள்வியாக வைத்து 1975இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். மனித மரபணுக்களில் இம்ப்ரின்டிங் என்ற பேச்சே எழாத காலம் அது. நம் பாடப்புத்தகங்கள் இவரைச் சொல்வதில்லை என்பது என் மனக்குறை.

குழந்தைக்குத் திரும்புவோம். மெத்திலேஷனையும் பிரதி எண்ணிக்கையையும் ஒன்றாகக் காட்டும் எம்.எஸ்.-எம்.எல்.பி.ஏ. சோதனையை முதலிலேயே கேட்டிருந்தால், மெத்திலேஷன் விகிதம் வழக்கமான அரைக்குப் பதில் ஒன்று என வந்திருக்கும். பிரதி ஒன்று மட்டும் என்றால் அப்பாவின் துண்டு அறுந்திருக்கிறது. ஏறத்தாழ பத்தில் ஏழு பேருக்கு இதுதான் காரணம். பிரதி இரண்டு என்றால், இரண்டும் அம்மாவுடையவையா அல்லது முத்திரையே தப்பாக விழுந்ததா என்று பார்க்கப் பெற்றோரின் ரத்தமும் வேண்டும். இங்கே சொந்தக் கல்யாணம் நம்மை இரண்டாம் முறையும் ஏமாற்றக்கூடும். அப்படிப்பட்ட குழந்தையின் மைக்ரோஅரேயில் ஒரே மாதிரியான நீளத் துண்டுகள் பல குரோமோசோம்களில் சிதறிக் கிடக்கும். 15இல் உள்ளதையும் அதே கணக்கில் சேர்த்துவிடுவோம். இன்னொன்று: அம்மாவின் இரண்டு வெவ்வேறு 15களும் சேர்ந்து வந்திருந்தால் அரேயில் எதுவுமே தெரியாமல் போகலாம். அரே சுத்தமாக இருப்பதால் இம்ப்ரின்டிங் நோய் இல்லை என்று எழுதக் கூடாது.

அறுந்த துண்டும் இரட்டை அம்மாப் பிரதியும் அடுத்த குழந்தைக்கு வருவது நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. முத்திரை மையத்தில் ஒரு சிறு துண்டு அப்பாவிடமே அறுந்திருந்தால் மட்டும் அது ஐம்பது சதவீதம். அவர் அதைத் தன் அம்மாவிடமிருந்து பெற்றதால் நலமாக இருப்பார். நலமான பெற்றோருக்கு நோயுற்ற இரண்டு குழந்தைகள் என்பதால் வம்சப் படம் ஒடுங்கு மரபைப் போலவே தோன்றும். பிரித்துக் காட்டக்கூடிய தடயம் ஒன்று: சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகளுக்கு இந்த நோய் வரலாம்; அத்தை பிள்ளைகளுக்கு அந்த வழியில் வராது.

துவண்ட குழந்தையைப் பார்க்கும் ஒவ்வொருவரிடமும் இரண்டு வேண்டுகோள். எக்ஸோம் படிவத்தை நிரப்பும் முன், பிராடர்-வில்லி மெத்திலேஷன் சோதனை முடிந்ததா என்று பாருங்கள். வம்சப் படம் வரையும்போது சொந்தக் கல்யாணத்துக்கு இரட்டைக் கோடு போட்டதோடு நிறுத்தாமல், அப்பாவின் சகோதர சகோதரிகளின் பிள்ளைகளைத் தனித்தனியாகக் கேட்டு எழுதுங்கள்.