குறை படிவத்தில்தான், உம்மாவில் இல்லை

வகுப்பு வட்ஸ்அப் குழு நடத்துகிற ஆசிரியர்களுக்கும், ஊரில் ஏதாவது சங்கத்துக்காகப் படிவம் சேர்க்கிற சகோதரர்களுக்கும் இது. கோபித்தாலும் பரவாயில்லை, வாசித்துவிட்டுக் கோபியுங்கள்.

"எல்லாம் சேர்த்து அனுப்பச் சொன்னோம் தானே. சிலர் அரைகுறையாக அனுப்பியிருக்கிறீர்கள். இந்தமுறையாவது ஒழுங்காக வாசித்துவிட்டு அனுப்பவும்."

இப்படி ஒரு மெஸேஜைப் பெற்றோர் குழுவில் போட்டவர் வேறு யாருமில்லை, நான்தான். பதினைந்து வயதான பிள்ளைகளின் அடையாள அட்டை விண்ணப்பங்களைப் பாடசாலை மூலம் அனுப்புகிற நேரம் அது. கடுதாசிகளைக் கொண்டுவர முதல் படம் பிடித்து அனுப்புங்கள், சரிபார்க்கிறேன் என்று சொல்லியிருந்தேன். ஒரு தாய் விண்ணப்பத்தையும் பிறப்புச் சான்றிதழையும் அனுப்பியிருந்தார். ஸ்டூடியோ பற்றுச்சீட்டு இல்லை.

என் மெஸேஜுக்குப் பிறகு நான்கு நாள் அவரிடமிருந்து சத்தமே இல்லை. அலட்சியம் என்று நினைத்தேன். மகளைக் கூப்பிட்டுக் கேட்டேன். "உம்மா எழுதி எழுதி அழிச்சிட்டே இரிக்கிறாங்க சேர். என்ன குறையெண்டு கேட்கவும் வெட்கமாம்" என்றாள்.

நடந்தது இதுதான். பதிவு செய்யப்பட்ட ஸ்டூடியோவில் எடுக்கும் படம் ஒன்லைனில் திணைக்களத்துக்குப் போய்விடும். விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டியது அவர்கள் தரும் பற்றுச்சீட்டு. அந்தத் தாய் அதைக் காசு கட்டிய பில் என்று நினைத்து வீட்டில் போட்டுவிட்டார். நான் கொடுத்த பட்டியலில் என்ன இருந்தது? "போட்டோ" என்ற ஒரு சொல். அரைகுறை எனது பட்டியல்தான்.

இனி அந்த மூன்று வரியைப் பாருங்கள். "சொன்னோம் தானே" என்பதில் உள்ள "தானே" தகவல் சொல்லவில்லை, குற்றப்பத்திரிகை வாசிக்கிறது. "இந்தமுறையாவது" என்பதில் உள்ள "ஆவது", நீ எப்போதும் இப்படித்தான் என்கிறது. "அனுப்பியிருக்கிறீர்கள்" என்பதற்கு எழுவாய் ஆள். குறை ஆளின் தலையில் போய் விழுகிறது. இவ்வளவும் எழுதியும், எந்தத் துண்டு வேண்டும் என்ற ஒரே பயனுள்ள விஷயத்தை நான் எழுதவே இல்லை. அதைக் குழுவில் போட்டதால், முழுமையாக அனுப்பிய இருபது பேருக்கும் "சிலர்" யாரென்று தேடுகிற வேலை.

பிறகு அந்தத் தாய்க்குத் தனியாக எழுதினேன்:

"தாத்தா, நீங்க அனுப்பின விண்ணப்பமும் பிறப்புச் சான்றிதழும் கிடைச்சது, ரெண்டும் தெளிவா இரிக்கி. இன்னும் ஒண்டுதான் சேர்க்க இரிக்கி: ஸ்டூடியோவுல தந்த பற்றுச்சீட்டு. பில் மாதிரி சின்னத் துண்டு. நான் பட்டியல்ல 'போட்டோ' எண்டு மட்டும்தான் போட்டிருந்தேன். வியாழக்கிழமை பைல் கட்டுறேன், புதன் பின்னேரத்துக்கு முதல் வந்தா போதும். துண்டு இல்லாட்டிச் சொல்லுங்க, ஸ்டூடியோவுல கேட்டுப் பார்ப்பம்."

அரை மணித்தியாலத்தில் படம் வந்தது.

வந்ததை முதலில் சொன்னது முகஸ்துதிக்காக இல்லை. இரண்டு கிடைத்தது என்றால்தான், மூன்று அனுப்பியவருக்கு ஒன்று போய்ச் சேரவில்லை என்று தெரியும். டேட்டா முடிந்து படம் பாதியில் நிற்பது நம் ஊரில் புதினமா? அடுத்து, குறையைப் பொருளின் பெயரால் சொன்னேன். "நீங்கள் அனுப்பவில்லை" என்ற இடத்தில் "சேர்க்க இருக்கிறது". அந்தத் துண்டு எப்படி இருக்கும் என்றும் சொன்னேன். கடைசி வரியில், அது இல்லாவிட்டாலும் வாய் திறக்க ஒரு வழி வைத்தேன்.

"இப்படிக் குழைந்தால் ஒருவரும் மதிக்கமாட்டார்கள், ஆசிரியருக்கு வேறு வேலையில்லையா" என்று ஒரு நண்பர் கேட்டார். நான் குழையவில்லை. புதன் பின்னேரம் என்று திகதி வைத்தேன். திகதி இருக்கும்போது "அவசரமில்லை, ஆறுதலா அனுப்புங்க" என்று எழுதுவதுதான் பெரிய அநியாயம். பிந்தினால் பிள்ளைக்குத்தான் நட்டம். செய்யாத பிழையை ஏற்கவும் வேண்டாம். பட்டியலில் தெளிவாக எழுதியிருந்தால் "என் பிழை" என்று பொய் சொல்லாதீர்கள், அந்த வரியை விட்டுவிடுங்கள். இரண்டாம் முறையும் வராவிட்டால் கோல் எடுங்கள். அப்போதும் பேச்சு துண்டைப் பற்றியே இருக்கட்டும். வேலை கூடும் என்பவருக்கு என் கணக்கு: அதட்டிய மெஸேஜுக்கு நான்கு நாள், மற்றதற்கு அரை மணித்தியாலம்.

பாதி அனுப்பியவர் அனுப்ப முயன்றவர். அவரை வெட்கப்படுத்தினால் மற்றப் பாதி வராது. அடுத்த முறை மெஸேஜ் அனுப்ப முதல் "தானே", "ஆவது" இரண்டையும் தேடி அழியுங்கள். குழுவில் போடாமல் தனியாக அனுப்புங்கள்.