சிறுநீரகம் தளர்ந்தால் செவியும் தளரும்

போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஜீப்பில் ஏறும் அன்பர்கள் யாவரும் அறிந்த அனுபவம் ஒன்று உண்டு. கொண்டை ஊசி வளைவுகள் ஏற ஏறக் காதுகள் இரண்டும் அடைத்துக்கொள்ளும். எச்சிலை ஒருமுறை விழுங்கினால் அடைப்புத் திறந்துகொள்ளும். செவிப்பறையின் இரு பக்கமும் காற்றழுத்தம் சமமாகிவிட்டது என்பதே அதன் பொருள். இதற்கு அஞ்ச வேண்டுவதில்லை.

ஆனால் மலையை விட்டு இறங்கிய பின்னரும் திறவாத அடைப்பு ஒன்று உண்டு. காதில் குறும்பியும் இராது, சீழும் இராது, வலியும் இராது; காது மட்டும் மந்தமாகிக்கொண்டே வரும். அதற்குக் காரணம் சில வேளைகளில் சிறுநீரகத்திலோ கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியிலோ இருத்தல் கூடும். இம்மாதம் அதைப் பற்றியே எழுத எண்ணுகிறோம்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். பூப்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டம் ஒன்றில் மேற்பார்வை பார்த்து வந்தவர், வயது 52. சர்க்கரை வியாதியால் சிறுநீரகங்கள் செயலிழந்தன. வாரந்தோறும் விடியற்காலையில் மலையிறங்கித் தேனிக்குச் சென்று டயாலிசிஸ் செய்துகொள்கிறார். ஒருமுறை கழுத்தில் பொருத்திய குழாயில் கிருமி புகுந்து குளிர்ஜுரம் கண்டது. உயிரைக் காக்க ஜென்டாமைசின் ஊசி போட்டார்கள்; ஜுரம் தணிந்தது. சில வாரங்கள் கழித்து இரு காதுகளிலும் ஓயாத இரைச்சல் எழுந்தது. இருட்டில் நடந்தால் தள்ளாட்டம் கண்டது. மனைவி பேசுவது காதில் விழுகிறது. சொல் மட்டும் விளங்கவில்லை. ‘சட்டி’ என்றால் ‘பட்டி’ என்று கேட்கிறது. குறும்பி என்று எண்ணிக் கேரளப் பக்கத்தில் ஒரு டாக்டரிடம் காதைச் சுத்தம் செய்துகொண்டார். டயாலிசிஸ் பற்றி அவர் சொல்லவில்லை, டாக்டரும் கேட்கவில்லை. பயன் ஏதும் இல்லை.

நடந்தது என்ன? உட்காதில் நத்தைக் கூட்டைப் போல் சுருண்ட உறுப்பு ஒன்றுண்டு. அதனுள் பொட்டாசியம் மிகுந்த நீர் நிறைந்திருக்கிறது. அந்த நீரின் உப்புச் சமநிலையைக் காக்கும் மெல்லிய திசுப்பட்டை, சிறுநீரகத்தின் நுண்குழாய்களைப் போலவே உப்புகளை ஓயாமல் இறைத்துக்கொண்டிருக்கிறது. வேலை ஒன்றாக இருப்பதால் ஒன்றைத் தாக்கும் பொருள் மற்றதையும் தாக்குகிறது. இவ்விரண்டின் உறவுக்குப் பரம்பரைச் சான்றும் உண்டு. 1927-ஆம் ஆண்டு ஆல்போர்ட் என்னும் டாக்டர், சிறுநீரில் இரத்தமும் காது மந்தமும் சேர்ந்து தலைமுறையாக வரும் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார். இரு உறுப்புகளின் சவ்வுகளிலும் உள்ள ஒரே வகைப் புரதத்தின் கோளாறே அதற்குக் காரணம் என்பது பின்னர் தெளிவாயிற்று. ஆகவே பையனுக்குச் சிறுநீரில் இரத்தம் தென்பட்டு, தாய்மாமனுக்கு இளம் வயதிலேயே காதும் சிறுநீரகமும் கெட்டிருந்தால், அதனைத் தனித்தனிச் செய்தியாகக் கொள்ளாமல் சேர்த்தே டாக்டரிடம் சொல்லுதல் வேண்டும்.

இனி மருந்துக்கு வருவோம். ஜென்டாமைசின் உடலை விட்டு வெளியேறுவது சிறுநீரகத்தின் வழியாகவே. நல்ல சிறுநீரகம் உள்ளவரின் இரத்தத்தில் அதன் அளவு 2, 3 மணி நேரத்தில் பாதியாகும். சிறுநீரகம் ஓய்ந்துவிட்டவருக்கோ ஒரு நாளைக்கு மேலும் ஆகலாம். அத்தனை நேரமும் மருந்து உட்காதில் ஊறி, ஒலியை நரம்புக்கு உணர்த்தும் மயிர்ச் செல்களை அழிக்கிறது. காது ஒன்றுக்கு ஏறத்தாழ 15,000 இருக்கும் அவை, மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை. முதலில் கெடுவது மெல்லிய உச்ச ஒலிகளைப் பிடிக்கும் செல்களே. பேச்சு கேட்டும் சொல் விளங்காமைக்குக் காரணம் இதுதான். நீர் இறங்கக் கொடுக்கும் ஃப்யூரோசமைடு மருந்தும், பெரிய அளவில் விரைவாக ஊசியில் செலுத்தினால் காதை மந்தப்படுத்தும். அது பெரும்பாலும் மீளும். ஜென்டாமைசினால் வந்தது மீளாது. இரண்டும் சேர்ந்தால் அபாயம் மிகுதி.

இதனால் அந்த ஊசியே கூடாது என்பதன்று. கிருமி உயிரைக் குடிக்கும் வேளையில் அதுவே கைகொடுப்பதும் உண்டு. ஆனால் அளவைக் குறைத்து, இடைவெளியை நீட்டி, டயாலிசிஸ் முடிந்த பின் கொடுத்து, இயன்ற இடத்தில் இரத்தத்தில் மருந்தின் அளவைச் சோதிப்பதே முறை. வேறு மருந்து பொருந்துமா என்று நோயாளியும் கேட்கலாம்.

மருந்தே தொடாதவர்களுக்கும் இத்தொல்லை வருவதுண்டு. ஆஸ்திரேலியாவின் நீலமலைப் பகுதியில் 50 வயதைக் கடந்தவர்களிடம் நடத்தி 2010-இல் வெளியான ஆராய்ச்சியில், மிதமான சிறுநீரக நோயுள்ளவர்களில் நூற்றுக்கு 54 பேருக்குக் காது மந்தம் காணப்பட்டது. நோயில்லாதவர்களில் 28 பேருக்கே. வயதையும் சர்க்கரையையும் கணக்கிலெடுத்த பின்னரும் இத்தொடர்பு முற்றும் மறையவில்லை. டயாலிசிஸ் தானே காதைக் கெடுக்கிறதா என்பது இன்னும் முடிவாகாத வழக்கு. நான்கு மணி நேரத்தில் உடல்நீரும் உப்பும் இரத்த அழுத்தமும் மாறுவதால் சிலருக்குக் கேள்வி ஏறி இறங்குகிறது. ஆயினும் காதுக்கு அஞ்சி டயாலிசிஸை நிறுத்துதல் உயிரையே விடுவதாகும்.

அடுத்தது தைராய்டு. அச்சுரப்பி மந்தமானால் உடலின் வேலைகளெல்லாம் தணிகின்றன. சோர்வு, மலச்சிக்கல், தோல் வறட்சி, குரல் கனத்தல், குளிர் தாங்காமை ஆகியவை தோன்றும். போடிமெட்டின் பனியில் எல்லோருமே நடுங்குகிறார்கள். ஆகவே ஒருத்தியின் நடுக்கத்தை நோயென்று யாரும் எண்ணுவதில்லை. காது இரண்டும் மெல்ல மந்தமாவதும் இதனோடு சேரும். டி.எஸ்.எச். என்னும் எளிய இரத்தப் பரிசோதனையால் இதனை அறியலாம். காலையில் வெறும் வயிற்றில் தைராக்ஸின் மாத்திரை உண்டு வந்தால் சிலருக்குக் கேள்வி திரும்புகிறது, எல்லோருக்கும் அன்று. பிறவியிலேயே தைராய்டு குறைந்த குழந்தைக்கு வைத்தியம் தாமதித்தால் அறிவு வளர்ச்சி குன்றும். கேள்வியும் பேச்சும் குன்றக்கூடும். ஆதலின் பிறந்த சில நாட்களில் குதிகாலில் ஒரு துளி இரத்தம் எடுக்கக் கேட்டால் மறுக்கலாகாது. சிறுநீரக நோயாளிகளுக்குத் தைராய்டு குறைவு மற்றவர்களைக் காட்டிலும் அதிகமாக வருவதால், இரண்டையும் சேர்த்தே சோதித்தல் நன்று.

எல்லையில் வாழும் நமக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. டயாலிசிஸ் ஒரு மாநிலத்தில், காது வைத்தியம் மறு மாநிலத்தில். ஒருவர் எழுதிய சீட்டு மற்றவர் கண்ணில் படுவதில்லை. மேலே சொன்னவருக்கு நேர்ந்த பிழையின் வேரும் அதுவே. ஆகையால் ஒரு நோட்டுப் புத்தகத்தில் கிரியேட்டினின் அளவு, டயாலிசிஸ் நாட்கள், போட்ட ஊசிகளின் பெயரும் தேதியும் ஆகியவற்றை எழுதி எங்குச் சென்றாலும் எடுத்துச் செல்லுங்கள். டயாலிசிஸ் தொடங்கும் போதே ஆடியோகிராம் என்னும் கேள்விப் பரிசோதனை ஒன்று செய்து வைத்தால், பின்னர் கேள்வி குறைகிறதா என்பதை ஒப்பிட்டு அறியலாம். ஊசி போடும் நாட்களில் இரைச்சலோ தள்ளாட்டமோ கண்டால் அடுத்த ஊசிக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். திடீரென ஒரு காது கேளாமற் போனால், அடைப்பென்று காத்திராமல் அன்றைக்கே காது டாக்டரைக் காண வேண்டும். நாள் கடந்தால் மருந்தின் பயன் குறையும்.

நம் மேற்பார்வையாளருக்கு இழந்த கேள்வி திரும்பவில்லை. காதுக்கருவி பொருத்திக்கொண்டார், மனைவியும் முகம் பார்த்து நிதானமாகப் பேசுகிறார். அடுத்த ஜுரம் வந்தபோது நோட்டுப் புத்தகத்தை முதலில் நீட்டினார். டாக்டர் வேறு மருந்தைத் தேர்ந்தெடுத்தார்.